விண்வெளிப் படம் தேர்ந்தெடுப்பது எப்படி? கண்ணீர் வரும் இடத்தில் அறிவியல் நிற்கிறதா என்று பாருங்கள்

விண்வெளி வீரர்களைப் பற்றி ஒரு படம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா?" என்று ஒரு கட்சி கேட்கும். "கதை மனதைத் தொட்டால் போதாதா?" என்று இன்னொரு கட்சி கேட்கும். பல வருடங்கள் நான் முதல் கட்சியில் இருந்தேன். படம் பார்த்துக்கொண்டே பிழைகளை எண்ணுவேன். பத்துப் பிழை என்றால் மோசமான படம், இரண்டு என்றால் நல்ல படம்.

அந்தக் கணக்கு தவறு என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புரிந்தது. எத்தனை பிழை என்பதைவிட, பிழை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். கதை தொடங்கும் வாசலில் ஒரு பொய் இருந்தால் தாண்டிப் போய்விடலாம். நம்மை அழ வைக்கும் இடமே பொய்யின் மேல் நின்றால், விஷயம் தெரிந்த ஒருவருக்கு அந்த அழுகை வராது. விஷயம் தெரியாதவருக்கும், பின்னால் தெரியவரும்போது ஏமாற்றமாக இருக்கும். நான் படம் தேர்ந்தெடுக்கும் முறை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வந்தது.

முதல் படி: படத்தின் உயிர் எந்தக் காட்சியில் இருக்கிறது?

பெரும்பாலான விண்வெளிப் படங்களில் ஒன்று அல்லது இரண்டு காட்சிகள்தான் மொத்தப் படத்தையும் தாங்கும். முன்னோட்டமும் ஒரு நல்ல விமர்சனமும் போதும், அது எந்தக் காட்சி என்று ஊகித்துவிடலாம். ஏற்கெனவே படத்தைப் பார்த்த நண்பரிடம் "எங்கே அழுதாய்?" என்று கேட்பது இன்னும் சுலபமான வழி.

அந்தக் காட்சி தெரிந்த பிறகு கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த உணர்ச்சி எதனால் உண்டாகிறது? அந்தக் காரணம் உண்மையா?

'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய கருந்துளைக்குப் பக்கத்தில் இருக்கும் கோளில் வீரர்கள் இறங்குகிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் கழிந்தால் பூமியில் 7 ஆண்டுகள் ஓடிவிடும். இறங்கிய இடத்தில் தாமதமாகிவிடுகிறது. கப்பலுக்குத் திரும்பி வரும்போது 23 ஆண்டுகள் போயிருக்கின்றன. கதாநாயகன் உட்கார்ந்து, அத்தனை வருடமாக வந்து சேர்ந்திருக்கும் காணொளிச் செய்திகளை வரிசையாகப் பார்க்கிறான். பிள்ளைகள் அவன் கண் முன்னே வளர்ந்து பெரியவர்களாகிவிடுகிறார்கள். படத்தின் உயிர் அந்தக் காட்சியில் இருக்கிறது.

இதன் காரணம் உண்மைதான். ஈர்ப்பு விசை வலுவாக உள்ள இடத்தில் நேரம் மெதுவாக ஓடும் என்கிறது ஐன்ஸ்டைனின் சார்பியல். நம் கைப்பேசியில் வழி காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரங்களே, பூமியில் இருக்கும் கடிகாரங்களைவிட ஒரு நாளைக்கு ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சுமார் 38 பங்கு வேகமாக ஓடுகின்றன. அதைத் திருத்தாவிட்டால் வரைபடம் நம்மை வேறு தெருவில் காட்டும். ஒரு மணிக்கு ஏழு ஆண்டு என்பது மிகவும் அதீதமான நிலைதான். அதற்குக் கருந்துளை கிட்டத்தட்ட உச்ச வேகத்தில் சுழல வேண்டும். ஆனாலும் கணக்கு அதை அனுமதிக்கிறது. படத்துக்கு ஆலோசகராக இருந்த இயற்பியலாளர் கிப் தோர்னுக்கு, வேறொரு ஆய்வுக்காக, 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தத் தந்தையின் அழுகையை அறிவியல்தான் வரவழைக்கிறது. சார்பியலை எடுத்துவிட்டால் அந்தக் காட்சியே இருக்காது. படத்தின் கடைசிப் பகுதி, கருந்துளைக்குள் நடப்பது, முழுக் கற்பனைதான். அது எனக்கு உறுத்தவில்லை. உயிரான காட்சி அதற்கு முன்பே உண்மையின் மேல் நின்றுவிட்டது.

இரண்டாம் படி: பொய் எந்த இடத்தில் இருக்கிறது?

'தி மார்ஷியன்' (2015) படம் ஒரு பயங்கரப் புழுதிப் புயலோடு தொடங்குகிறது. காற்றில் பறந்து வரும் ஆண்டெனா ஒரு வீரரை அடித்துத் தள்ளுகிறது, ஏவுகலம் சாயத் தொடங்குகிறது, மற்றவர்கள் அவர் இறந்துவிட்டார் என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறார்கள். செவ்வாயில் இது நடக்காது. அங்கே காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. புயல் வேகமாக வீசினாலும் முகத்தில் மெல்லிய காற்று படுவது போலத்தான் இருக்கும். நாவலை எழுதிய ஆண்டி வியர் இதைத் தெரிந்தேதான் எழுதினார்.

இது வாசலில் இருக்கும் பொய். ஒரு மனிதனைத் தனியாக விட்டுவிட ஏதோ ஒரு காரணம் வேண்டும், அவ்வளவுதான். அதன் பிறகு படம் நம்மைப் பிடித்து வைப்பது வேறு விஷயங்களால்: எத்தனை உருளைக்கிழங்கு இருக்கிறது, எத்தனை நாளுக்குச் சாப்பாடு வரும், தண்ணீரை எதிலிருந்து பிரிப்பது, பூமிக்கு ஒரு செய்தி அனுப்பினால் பதில் வர எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். (செவ்வாய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு பக்கம் போக மட்டுமே ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும்.) அந்த மனிதனின் தனிமையையும் பிடிவாதத்தையும் நாம் உணர்வது இந்தக் கணக்குகள் வழியாகத்தான். புயலை நான் மன்னித்துவிட்டேன்.

இப்போது 'கிராவிட்டி' (2013). இரண்டு வீரர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் மோதி, ஒரு கயிற்றில் சிக்கி நிற்கிறார்கள். ஒருவர் இன்னொருவரின் கையில் இருக்கும் கயிற்றின் நுனியில் தொங்குவது போலக் காட்டுகிறார்கள். "என்னை விட்டுவிடு" என்று சொல்லி அவர் கொக்கியைக் கழற்றுகிறார், உடனே விலகிப் போகிறார். பார்க்க நெஞ்சு பதறும். ஆனால் கயிறு இழுபட்டு இருவரும் நின்றுவிட்டால், அவரைத் தொடர்ந்து இழுக்க அங்கே எதுவும் இல்லை. கிணற்றில் வாளி தொங்குவது போல அங்கே யாரும் தொங்க முடியாது. லேசாக ஒரு சுண்டு சுண்டினால் அவர் திரும்பி வந்துவிடுவார். கயிறுகள் இன்னும் நழுவிக்கொண்டிருந்தன என்று படத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதுண்டு. இருக்கலாம், ஆனால் திரையில் அது தெளிவாக இல்லை.

இந்தப் பொய் ஒரு தியாகத்தின் அடியில் இருக்கிறது. அதனால்தான் இதன் பாதிப்பு அதிகம். ஆனாலும் நான் 'கிராவிட்டி'யை ஒதுக்குவதில்லை. அந்தப் படத்தின் உயிர் அதற்கும் பிறகு வருகிறது: மகளை இழந்த அந்தப் பெண் சோயூஸ் கலத்துக்குள் தனியாக உட்கார்ந்து, வாழலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் இடம். அங்கே அவள் கண்ணீர்த் துளி கண்ணிலிருந்து பிரிந்து மிதந்து வருகிறது. உண்மையில் கண்ணீர் அப்படிப் பிரியாது. கண்ணிலேயே ஒரு நீர்க் குமிழாக ஒட்டிக்கொண்டு பெருகும். விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டு 2013-இல் விண்வெளி நிலையத்திலிருந்தே இதைச் செய்து காட்டினார். இது சின்னத் தவறு. அவள் முடிவு அந்தத் துளியை நம்பி இல்லை.

உச்சக் காட்சியிலேயே சறுக்குவதற்கு இன்னும் தெளிவான உதாரணம் 'ப்ராக்ஸிமா' (2019). ஒரு வீராங்கனை நீண்ட பயணத்துக்குத் தயாராவதையும், அவளுக்கும் சிறு மகளுக்கும் இடையில் உண்டாகும் பிரிவையும் மிக நுட்பமாகக் காட்டும் பிரெஞ்சுப் படம். பயிற்சிக் காட்சிகள், விண்வெளி வீரர்கள் நிஜமாகவே பயிலும் ரஷ்யாவின் நட்சத்திர நகரத்திலேயே எடுக்கப்பட்டவை. ஆனால் கடைசியில் அவள் தனிமைப்படுத்தலிலிருந்து இரவில் நழுவிப்போய் மகளை ராக்கெட்டைக் காட்ட அழைத்துப்போகிறாள். கூட வரும் வீரர்களுக்குத் தொற்று வராமலிருக்கத்தான் அந்தத் தனிமைப்படுத்தலே. அத்தனை நேரம் பொறுப்பான ஆளாகப் பார்த்த ஒருத்தி இதைச் செய்வாளா என்ற கேள்வி, அழ வேண்டிய நேரத்தில் வந்து நிற்கிறது. அந்தக் காட்சிக்கு முன்பு வரையிலான படத்துக்காக நான் அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் அதையும் சேர்த்துச் சொல்லித்தான் பரிந்துரைப்பேன்.

மூன்றாம் படி: உண்மைக் கதை என்றால் பதிவோடு வைத்துப் பாருங்கள்

உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த படம் என்றால் வேலை இன்னும் சுவாரசியமாகிவிடும். அளவுகோலாக நான் எப்போதும் 'அப்பல்லோ 13' (1995) படத்தை வைத்துக்கொள்வேன். அந்தப் பயணத்தின் வானொலி உரையாடல் முழுதும் பதிவாகியிருக்கிறது, எழுத்து வடிவத்திலும் இருக்கிறது. apolloinrealtime.org தளத்தில் 13-ஆவது பயணத்தைத் திறந்தால், அன்று நடந்ததை அதே நேர வேகத்தில் கேட்கலாம்.

கதை சுருக்கமாக இதுதான். 1970 ஏப்ரல் 11 அன்று கிளம்பிய கலத்தில் ஜிம் லவ்வல், ஜாக் ஸ்வைகர்ட், ஃப்ரெட் ஹெய்ஸ் மூவரும் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, பூமியிலிருந்து 3 லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. நிலாவில் இறங்க வேண்டியது போய், உயிரோடு திரும்புவதே வேலையாயிற்று. இரண்டு பேர் இரண்டு நாள் தங்குவதற்காகச் செய்த நிலா இறங்குகலத்தில் மூன்று பேர் நான்கு நாள் ஒண்டிக்கொண்டு வந்தார்கள்.

படத்தில் மாற்றியிருப்பதை வரிசையாகப் பார்க்கலாம். ஹெய்ஸும் ஸ்வைகர்ட்டும் சண்டை போடுவார்கள், வெடிப்புக்கு முன் தொட்டியைக் கலக்கியது நீதானே என்று. உண்மையில் அப்படி ஒரு சண்டை நடக்கவில்லை. தரையிலிருந்து சொன்னதைத்தான் ஸ்வைகர்ட் செய்தார். கோளாறு தொட்டிக்குள் கம்பியின் உறை சேதமாகியிருந்ததில் இருந்தது. தரையில் பல வீரர்களும் பொறியாளர்களும் பங்கிட்டுச் செய்த வேலையைப் படம் கென் மாட்டிங்லி என்ற ஒருவர் தலையில் ஏற்றிவைத்திருக்கிறது. பூமியைச் சன்னலில் வைத்துக் குறிபார்த்துப் பாதையைத் திருத்தும் காட்சியில் கலம் பேயாட்டம் ஆடும். நிஜத்தில் அது 14 விநாடி எரிப்பு, அமைதியாகவே முடிந்தது.

சரி, இத்தனை மாற்றியிருக்கிறார்களே, அப்புறம் எப்படி இது அளவுகோல் ஆகும்? படத்தின் உயிரான இடங்களைப் பாருங்கள். கரியமில வாயு ஏறிக்கொண்டே போகிறது. அந்த வாயுவை உறிஞ்சும், ஆனால் வட்டத் துளையில் பொருந்தாத சதுரப் பெட்டியைப் பிளாஸ்டிக் பை, குழாய், கைநூல் அட்டை, ஒட்டு நாடா ஆகியவற்றைக் கொண்டு பொருத்த வேண்டும். இது அப்படியே நடந்தது. குளிர் 4 டிகிரியை ஒட்டி இறங்கியது. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் அளவு. ஹெய்ஸுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து காய்ச்சல் கண்டது. கடைசியில் கலம் வளிமண்டலத்தில் நுழையும்போது வானொலி அடங்கிப்போகும். எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், குறித்த நேரம் தாண்டியும் சத்தம் வராது. திரைக்கதைக்காக நீட்டியது என்று நான் முதலில் நினைத்தேன். உண்மையிலேயே அன்று எதிர்பார்த்ததைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் அமைதி நீண்டது.

அந்த நிமிடம்தான் மொத்தப் படத்தின் கண்ணீர் வரும் இடம். அது பதிவில் இருக்கிறது. சண்டை, தனி நாயகன், பேயாட்டம் எல்லாம் நடுவில் செருகியவை. எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். நல்ல உண்மைக் கதைப் படம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பதிவே இல்லாத இடத்தில் கற்பனையை வைப்பது இன்னொரு வகை. 'ஃபர்ஸ்ட் மேன்' (2018) படத்தில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் ஒரு பள்ளத்தின் விளிம்புக்குப் போய், இறந்துபோன மகளின் சிறு வளையலை அதில் போடுகிறார். மகள் கேரன் இரண்டு வயதில், 1962-இல், மூளைக் கட்டியால் இறந்தது உண்மை. அவர் திட்டத்தில் இல்லாமல் சுமார் 60 மீட்டர் தள்ளியிருந்த பள்ளம்வரை தனியாகப் போனதும் உண்மை. வளையல் பற்றி எந்தச் சான்றும் இல்லை. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உண்மையான இரண்டு புள்ளிகளுக்கு நடுவே இயக்குநர் இழுத்த கோடு அது. ஆனால் பிள்ளைகளோடு பார்த்தால், படம் முடிந்ததும் "வளையல் மட்டும் கற்பனை" என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதுவே வரலாறாக மனதில் தங்கிவிடும்.

நான்காம் படி: மிதப்பைப் பாருங்கள்

படம் எவ்வளவு அக்கறையோடு எடுக்கப்பட்டது என்பதைப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஆட்கள் மிதப்பதைப் பாருங்கள். கம்பியில் தொங்கும் நடிகரின் உடல் இடுப்பை மையமாக வைத்துத்தான் திரும்பும், தலைமுடியும் சட்டை நுனியும் கீழ்நோக்கியே இருக்கும். உண்மையில் மிதக்கும்போது பேனா, பட்டை, முடி எல்லாம் தன் இஷ்டத்துக்கு அலையும், ஒரு முறை தள்ளிய உடல் எதிர்ச் சுவரைத் தொடும்வரை நிற்காது.

'அப்பல்லோ 13' குழு நாசாவின் பயிற்சி விமானத்துக்குள்ளேயே செட் போட்டது. விமானம் வளைந்து மேலேறி இறங்கும்போது சுமார் 25 விநாடி நிஜ மிதப்பு கிடைக்கும். அதற்குள் ஒரு காட்சித் துண்டை எடுத்துவிட வேண்டும். மிதக்கும் துண்டுகள் குட்டிக் குட்டியாக இருப்பது இதனால்தான். இது தெரிந்த பிறகு பார்த்தால் நடிகர்களின் முகத்தில் இருக்கும் லேசான திகைப்பும் புரியும்.

சத்தத்தையும் கவனிக்கலாம். வெற்றிடத்தில் வெடிப்புச் சத்தம் கேட்காது. ஆனால் இதை வைத்து மட்டும் படத்தைத் தள்ளிவிட வேண்டாம் என்பது என் கருத்து. கலத்துக்குள் இருப்பவருக்குச் சுவர் அதிர்ந்து ஒலி கேட்கத்தான் செய்யும்.

ஐந்தாம் படி: யாரோடு பார்க்கிறீர்கள்?

மேலே சொன்ன பெயர்களைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படும். 'கிராவிட்டி', 'ஃபர்ஸ்ட் மேன்', 'இன்டர்ஸ்டெல்லார்', 'ப்ராக்ஸிமா' நான்கிலும் மகளைப் பிரிவது அல்லது மகளை இழப்பதுதான் உணர்ச்சியின் ஊற்று. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு வீட்டில் இவற்றை முன்னறிவிப்பில்லாமல் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை நான் போட்டேன். முதல் இருபது நிமிடத்திலேயே அந்த அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். 'ஃபர்ஸ்ட் மேன்' படத்தின் தொடக்கப் பகுதியிலேயே மகளின் மரணம் வந்துவிடுகிறது என்பதை நான் யோசிக்கவில்லை.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் 'கிராவிட்டி'யின் தொடக்கத்தில் வரும் சடலக் காட்சியை நினைவில் வையுங்கள். நம் தமிழில் வந்த 'டிக் டிக் டிக்' (2018) அவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது விண்கல், சாகசம் என்று ஓடும் படம், இந்த அளவுகோலைக் கொண்டுபோய் அங்கே வைப்பது நியாயமில்லை.

ஒரு சனிக்கிழமை மாலைத் தேர்வு

போன கோடையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது என்னிடம் தேர்வை விட்டார்கள். பார்க்கப்போவது நான்கு பேர். அக்கா மகளுக்கு 12 வயது, எதையும் ஏன் என்று கேட்பவள். அத்தான் இயந்திரப் பொறியாளர், பிழை கண்டால் வாய் மூட மாட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, ஒன்பதரைக்குத் தூக்கம் வந்துவிடும். அக்காவுக்கு மனிதர்கள் இருக்கிற கதை வேண்டும்.

'இன்டர்ஸ்டெல்லார்' 169 நிமிடம், அம்மாவுக்குத் தாங்காது. 'கிராவிட்டி' 91 நிமிடம்தான், ஆனால் அந்தச் சடலமும், அத்தானின் கயிற்றுக் கேள்வியும் சேர்ந்து மாலையைக் கெடுத்துவிடும். 'தி மார்ஷியன்' நல்ல தேர்வுதான், ஆனால் அதில் வரும் நகைச்சுவை பெரும்பாலும் ஆங்கிலப் பேச்சில் இருக்கிறது. 'அப்பல்லோ 13' 140 நிமிடம், ஏழு மணிக்குத் தொடங்கினால் அம்மா முழுதும் பார்த்துவிடலாம். அவருக்குக் கதையை முன்கூட்டியே ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன், மூவரும் பிழைத்து வருவார்கள் என்பதையும் சேர்த்து. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று அக்கா தடுத்தாள். அப்படி ஆகவில்லை. வானொலி அடங்கிய அந்தச் சில நிமிடங்கள் அம்மா சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

அத்தான் எதிர்பார்த்தபடியே அந்தச் சண்டைக் காட்சியில் தலையாட்டினார். பேச்சை ஆரம்பிக்க அது போதுமாக இருந்தது. படம் முடிந்ததும் மடிக்கணினியில் அந்தத் தளத்தைத் திறந்து, பயணத்தின் 55 மணி 54 நிமிடத்துக்கு நகர்த்தி, வெடிப்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் நிஜக் குரல்களைப் போட்டுக் காட்டினேன். படத்தில் லவ்வல் பாத்திரம் "ஹூஸ்டன், எங்களுக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது" என்று கனத்த குரலில் சொல்லும். உண்மையில் அதை முதலில் சொன்னவர் ஸ்வைகர்ட், பிறகு லவ்வல் திருப்பிச் சொன்னார். இருவர் சொன்னதும் "பிரச்சினை ஏற்பட்டிருக்கிறது" என்ற மாதிரி, ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றைத் தெரிவிக்கும் வாக்கியம்.

அக்கா மகள் அதை மூன்று முறை போடச் சொன்னாள். "மாமா, இவங்க பயப்படவே இல்லையா? பஸ் லேட்டுன்னு சொல்ற மாதிரி சொல்றாங்க" என்றாள். பயந்திருப்பார்கள், ஆனால் அந்த நேரத்தில் தரையில் இருப்பவருக்குத் தேவை தெளிவான தகவல், அதற்காகத்தான் வருடக் கணக்கில் பழகியிருந்தார்கள் என்றேன். அடுத்த வாரம் 'அப்பல்லோ 11' (2019) ஆவணப்படம் பார்ப்பதாக முடிவாயிற்று. 93 நிமிடம், பின்னணிக் குரல் கிடையாது, எல்லாம் அன்று எடுத்த படச்சுருள்களும் அன்று பேசிய குரல்களும்தான்.